81 சதவீதத்தை 81 ஆகவே காட்டும் வளையம்: ஒரு செய்முறைப் பதிவு

எங்கள் அடுக்ககத்தின் மின்தூக்கி அருகே மாட்டியிருக்கும் திரையில் இப்போது ஒரே ஒரு வளையம் ஓடுகிறது. குப்பையைத் தரம் பிரித்துத் தரும் வீடுகள் நூற்றுக்கு எத்தனை என்பதை அது காட்டுகிறது. இலக்கு 90 சதவீதம். இதைவிட எளிய வரைபடம் கிடையாது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். வரைவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் தூய்மைப் பணியாளர் கையால் எழுதும் பதிவேட்டில் இருப்பதைவிட ஒரு வீடுகூட அதிகமாகத் திரையில் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கு, மீட்டர் வடிவம் ஒன்றையும் வளையத்தின் பல வடிவங்களையும் கழித்துக்கட்ட வேண்டியிருந்தது. அந்தப் படிகளை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வரைவதற்கு முன்பே எந்த எண்ணால் வகுப்பது என்ற கேள்வி வந்துவிட்டது. மொத்தம் 240 வீடுகள். அவற்றில் 22 பூட்டிக் கிடக்கின்றன. ஆக, குடியிருப்பு உள்ளவை 218. நான் சோதனைக்கு எடுத்துக்கொண்ட வாரத்தில் வாசலில் குப்பை வைத்த வீடுகள் 203. அவற்றுள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றையும் கலக்காமல் வாரம் முழுவதும் தந்தவை 177. இந்த 177 ஐ 240 ஆல் வகுத்தால் 73.75 சதவீதம், 218 ஆல் வகுத்தால் 81.19, 203 ஆல் வகுத்தால் 87.19. மூன்றுமே சரியான வகுத்தல்கள்தாம். கடைசி எண் இலக்குக்கு மிக அருகில் நிற்பதால் சங்கச் செயலாளருக்கு அதுவே பிடித்திருந்தது. "குப்பையே தராதவங்களை எதுக்கு சார் கணக்குல சேர்க்கணும்?" என்று அவர் கேட்டதில் ஒரு நியாயமும் இருந்தது, ஊருக்குப் போனவர்கள் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆனால் வாசலில் குப்பை வைக்காத பதினைந்து வீடுகளில், எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு அலுவலகம் போகிறவர்களும் இருந்தார்கள். 203 ஆல் வகுத்தால் அப்படிச் செய்கிறவர்கள் கூடக் கூட நம் சதவீதம் ஏறும். நடத்தை கெடும்போது உயரும் ஓர் அளவை எந்த வளையத்தில் போட்டாலும் அது பொய்தான் சொல்லும். பூட்டிய வீடுகளைச் சேர்ப்பதும் பொருளற்றது. அங்கே பிரிக்க ஆளே இல்லை. எனவே 218 என்று முடிவு செய்து, அந்த எண்ணை மாதத்தின் முதல் நாள் பராமரிப்புக் கட்டணப் பதிவேட்டிலிருந்து எடுப்பது, மாதம் முழுவதும் மாற்றாமல் வைப்பது என்று எழுதி ஒப்புதல் வாங்கிக்கொண்டேன். ஊருக்குப் போனவர்களால் சதவீதம் சற்றுக் குறைவாகத் தெரியும் என்பது இந்த முடிவின் விலை. அதைத் திரையின் அடியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டோம்.

முதலில் செய்தது வளையம் அல்ல, மீட்டர். காரின் வேகமானி போல முள்ளோ நிறப்பட்டையோ உள்ள அரைவட்டம் வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டார்கள். நான் பயன்படுத்திய விரிதாளில் இதற்கென்று தனி வரைபடம் இல்லாவிட்டாலும், நடுவில் துளையுள்ள வட்ட வரைபடத்தைக் கொண்டு ஒப்பேற்றலாம்: எட்டியது, மீதி, அவை இரண்டின் கூட்டுத்தொகை என மூன்று துண்டுகள் போட்டு, முதல் துண்டின் தொடக்கக் கோணத்தை 270 பாகையாக வைத்து, மூன்றாவது துண்டின் நிறத்தை நீக்கிவிட்டால் மேல்பாதி மட்டும் தெரியும். 81.19, 18.81, 100 என்று கொடுத்தால் எட்டிய பகுதி 146 பாகை விரியும். முழு அரைவட்டம் 180 பாகை.

முதல் வடிவத்தில் யாருக்கும் திருப்தியில்லை. அதற்கு முந்தைய வாரம் 170 வீடுகள், அதாவது 77.98 சதவீதம். ஏழு வீடுகள் கூடியிருந்தும் படத்தில் அசைவு வெறும் 5.8 பாகை. "போன வாரத்துக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியலையே" என்றார் பொருளாளர். எப்படியும் 60 க்குக் கீழே போகப்போவதில்லை, எனவே அளவுகோலை 60 இல் தொடங்கி 100 இல் முடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. செய்து பார்த்தேன். இப்போது ஒரு சதவீதப் புள்ளி 1.8 பாகைக்குப் பதில் 4.5 பாகை. முந்தைய வாரத்தின் முள் 81 பாகையில், அதாவது உச்சிக்குச் சற்று இடப்புறம் நின்றது; இந்த வாரத்தின் முள் 95 பாகையில், உச்சியைத் தாண்டி வலப்புறம் சாய்ந்தது. ஏழு வீடுகளின் மாற்றம் ஒரு பெரிய திருப்பம் போலத் தெரிந்தது.

இந்தப் படம் இரண்டு திசையிலும் தவறு செய்கிறது என்பதைத்தான் நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். மாற்றத்தை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அதே நேரத்தில் 81 சதவீதம் என்ற நிலையைப் பாதிக்குச் சற்றே மேல் என்று சிறிதாக்கியும் காட்டுகிறது, ஏனென்றால் அரைவட்டத்தின் இடது முனையைப் பார்க்கிற எவரும் அதைச் சுழியம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முனையில் "60" என்று பெரிதாகவே எழுதியிருந்தும், எதேச்சையாகக் கடந்து போனவர்களிடம் "எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டபோது "பாதி இருக்கும்" என்ற பதிலே வந்தது. நேர்கோட்டு வரைபடத்தில் அச்சை நடுவில் தொடங்குவதற்குச் சில நேரம் நியாயம் உண்டு. அங்கே கண் சரிவைப் பார்க்கிறது. மீட்டரிலும் வளையத்திலும் கண் பார்ப்பது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை. சுழியத்தில் தொடங்காத நிரப்பலுக்குப் பொருளே கிடையாது.

நிறப்பட்டைகளையும் இதே கட்டத்தில் நீக்கினேன். 80 க்கு மேல் பச்சை, 60 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு என்று ஒருவர் தந்த எல்லைகளுக்கு எந்த அடிப்படையும் இல்லை. இலக்கு 90 ஆக இருக்கும்போது 80 இல் பச்சை தொடங்கினால், எட்டாத இலக்கை எட்டியதாகவே படிப்பார்கள். 218 இல் ஒரு வீடு என்பது 0.46 சதவீதம், 174 வீடுகளுக்கு மஞ்சளும் 175 வீடுகளுக்குப் பச்சையும் விழும். ஒரு வீட்டுக்காரர் விருந்தாளி வந்த அவசரத்தில் ஒரு நாள் குப்பையைக் கலந்துவிட்டால் மொத்த அடுக்ககத்தின் நிறமே மாறும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் ஆண்களில் அரிதல்ல என்பது இன்னொரு காரணம். நிரப்பலுக்கு அடர்நீலம், மீதிக்குச் சாம்பல் என்று இரண்டே நிறங்களில் நின்றுவிட்டேன். இலக்கை எட்டினாலும் அந்த நீலம் மாறாது. எழுத்து மட்டும் மாறும்.

அரைவட்டத்தை விட்டு முழு வளையத்துக்கு வந்ததற்குக் காரணம் இடம்தான். திரையில் கிடைத்த அதே அகலத்தில் அரைவட்டத்தைவிட வளையத்தில் இரண்டு மடங்கு நீளம் கிடைக்கிறது. ஒரு சதவீதத்துக்கு 3.6 பாகை. நடுவில் எண்ணைப் பெரிதாக எழுதவும் இடம் உண்டு. பல மீட்டர் வடிவங்களில் வரும் 270 பாகை வளைவை நான் தொடவே இல்லை. அதில் 75 சதவீதம் என்பது 202.5 பாகை. அடியில் திறந்திருக்கும் வாயைக் கண் மீதிக் கணக்கில் சேர்க்கிறதா விட்டுவிடுகிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

வளையத்தில் முதலில் எழுந்த கேள்வி, முழு வட்டம் எதைக் குறிக்கிறது என்பது. இலக்கையே முழு வட்டமாக வைக்கும் பழக்கம் பரவலாக உண்டு. வளையம் மூடினால் இலக்கை எட்டிவிட்டோம் என்று பார்த்தவுடன் புரியும் என்பது அதன் வாதம். எங்கள் எண்ணில் அப்படிச் செய்தால் 81.19 ஐ 90 ஆல் வகுக்க வேண்டும், வளையம் 90.2 சதவீதம் நிரம்பும். நடுவில் "81%" என்று எழுத்து, சுற்றிலும் 90 சதவீதம் மூடிய வட்டம். தூரத்திலிருந்து வட்டம்தான் முதலில் கண்ணில் படும் என்பதால் அதுவே வெல்லும். எண்ணையும் 90 என்று மாற்றி "இலக்கில் 90%" என எழுதினால் கணக்கு ஒத்துப்போகும், ஆனால் இலக்கும் 90 ஆக இருப்பதால் படிப்பவர் இலக்கை எட்டிவிட்டதாகவே நினைப்பார். எனவே முழு வட்டம் என்றால் 218 வீடுகளும் என்று வைத்து, 90 சதவீதம் வரும் 324 ஆவது பாகையில் வளையத்தைக் குறுக்கே வெட்டும் ஒரு கறுப்புக் கோடு போட்டேன். இலக்குக்கும் நிரப்பலுக்கும் நடுவே தெரியும் சாம்பல் இடைவெளிதான் இனி சேர வேண்டிய வீடுகள். நன்கொடைத் திரட்டு போல 100 ஐத் தாண்டக்கூடிய அளவாக இருந்திருந்தால் வளையத்தையே எடுத்திருக்க மாட்டேன்; தாண்டிய பகுதியைக் காட்ட அதில் இடமில்லை, இரண்டாம் சுற்று போட்டால் 110 உம் 10 உம் ஒன்று போலத் தெரியும்.

படத்தை விரிதாளிலிருந்து எடுத்து, உலாவியில் ஓடும் ஒரு சிறு பக்கமாக மாற்றினேன். எஸ்விஜி வட்டம் ஒன்றின் கோட்டைத் துண்டுக்கோடாக மாற்றி, ஒரே ஒரு துண்டை மட்டும் தெரிய விடுவதே வளையம் வரையும் வழக்கமான வழி. `pathLength` என்ற பண்பை 100 என வைத்துவிட்டால் சுற்றளவைக் கணக்கிட வேண்டிய தேவை இல்லை; சதவீதத்தையே துண்டின் நீளமாகக் கொடுக்கலாம். வட்டக் கோடு இயல்பாக வலப்புறம், கடிகாரத்தின் மூன்று மணி இடத்தில் தொடங்கும் என்பதால் 90 பாகை பின்னால் திருப்ப வேண்டும்.

```html
<svg viewBox="0 0 120 120" role="img" aria-labelledby="t">
  <title id="t">218 வீடுகளில் 177; இலக்கு 197</title>
  <g transform="rotate(-90 60 60)" fill="none" stroke-width="14">
    <circle cx="60" cy="60" r="50" stroke="#d9d9d9"/>
    <circle cx="60" cy="60" r="50" stroke="#1f4e79"
      pathLength="100" stroke-dasharray="81.19 100"
      stroke-linecap="butt"/>
    <line x1="101" y1="60" x2="119" y2="60" stroke="#000"
      stroke-width="1.5" transform="rotate(324 60 60)"/>
  </g>
</svg>
```

இதில் `stroke-linecap="butt"` என்ற சொற்கள் தேவையற்றவை போலத் தெரியும். ஏதும் எழுதாவிட்டாலும் அதுவே இயல்பு மதிப்பு. இருந்தும் அதை எழுதி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நான் பார்த்து எடுத்த மாதிரிகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில் `round` என்று வைத்திருந்தன. முனை உருண்டையாக இருந்தால் அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உருண்டை கோட்டின் நீளத்துக்குள் அடங்குவதில்லை. இரண்டு முனைகளிலும் கோட்டுத் தடிமனில் பாதியளவு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் வளையத்தின் ஆரம் 50, சுற்றளவு 314.16, தடிமன் 14. ஆக முனைக்கு 7 வீதம், இரண்டு முனைக்கும் 14. சுற்றளவில் அது 4.46 சதவீதம்.

கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது என்று, ஓர் அலகு ஒரு மில்லிமீட்டராக இருக்கும்படி அகலத்தை 120 மி.மீ. என அமைத்து, அச்சிடும்போது உண்மை அளவு என்ற தேர்வைப் போட்டு, A4 தாளில் எடுத்தேன். பள்ளிப் பிள்ளைகளின் வடிவியல் பெட்டியிலிருந்து கோணமானி. வளையத்தின் நடுக்கோட்டை ஒட்டி நூல் வைத்து நீளமும் பார்த்தேன். 81.19 சதவீதத்துக்கு நூல் 255 மி.மீ. காட்ட வேண்டும், உருண்டை முனையுடன் 269 மி.மீ. காட்டியது, அதாவது 85.6 சதவீதம். முன்முனை மட்டும் பார்த்தால் 83.4 ஆவது சதவீதத்தில் நின்றது. இந்த அளவில் ஒரு வீடு என்பது 1.44 மி.மீ. என்பதால், உருண்டை முனைகள் இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்டப் பத்து வீடுகளை இலவசமாகத் தந்திருந்தன.

விளிம்பு மதிப்புகளில் இது இன்னும் மோசம். 96 சதவீதம் கொடுத்தால் மீதி 4 சதவீதத்து இடைவெளியை உருண்டைகள் நடுக்கோட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிவிட்டன. ஒன்பது வீடுகள் பாக்கியிருக்கும்போதே மூடிய வட்டம். சுழியம் கொடுத்தால் ஒன்றுமே தெரியாது என்று எதிர்பார்த்த இடத்தில், உச்சியில் 14 மி.மீ. விட்டமுள்ள ஒரு நீலப் பொட்டு. நீளமற்ற துண்டுக்கும் முனை வரைய வேண்டும் என்பது எஸ்விஜியின் விதி, எனவே இது உலாவியின் பிழையும் அல்ல. உருண்டை முனை வேண்டவே வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், துண்டின் நீளத்தில் 4.46 ஐக் கழித்து, தொடக்கத்தை 2.23 தள்ளி வைக்கலாம், 4.46 க்குக் கீழே உள்ள மதிப்புகளுக்கு அதுவும் உதவாது. தட்டையான முனையோடு அச்சிட்ட தாளில் நூல் 255 மி.மீ. காட்டியது. அந்தத் தாளைக் காட்டிய பிறகு அழகைப் பற்றிய பேச்சு நின்றது.

நடுவில் எழுதும் எண்ணுக்கு வருகிறேன். இலக்கான 90 சதவீதம் 218 இல் 196.2 வீடுகள், ஆகவே 197 வீடுகள் வந்தால்தான் எட்டியதாகும். 196 வீடுகள் வந்த வாரத்தில் சதவீதம் 89.91. வழக்கமான முழுமையாக்கத்தில் திரை "90%" என்று காட்டும், அருகிலேயே "இலக்கு 90%" என்ற வரியும் இருக்கும். ஒரு வீடு பாக்கி. பத்தில் ஒரு பங்கு வரை, அதாவது 89.9 என்று காட்டலாமே என்று தோன்றும். ஆனால் 218 வீடுகளைக் கையால் எண்ணிய கணக்குக்கு அந்தத் துல்லியம் பொருந்தாது, தூரத்திலிருந்து படிக்கவும் கடினம். பின்னத்தை வெட்டிவிட்டு 89 என்று காட்டுவதே சரி என்று வைத்துக்கொண்டேன். முழு 218 வீடுகளும் வராமல் "100%" என்ற எழுத்து திரையில் வரவே முடியாது என்பது இதன் கூடுதல் பயன்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. முதலில் வகுத்துவிட்டுப் பிறகு நூறால் பெருக்கினால், கணினியின் இருமக் கணக்கில் சில நேரம் மிகச் சிறிய குறை விழுகிறது. 100 இல் 29 என்பதை அப்படிக் கணக்கிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 28.999999999999996 என்று தருகிறது. பின்னத்தை வெட்டியதும் அது 28 ஆகிவிடும். முதலில் நூறால் பெருக்கிவிட்டுப் பிறகு வகுத்தால் இந்தத் தொல்லை இல்லை. இலக்கை எட்டியதா என்பதையும் காட்டும் எண்ணை வைத்துச் சோதிக்காமல், வீடுகளின் முழு எண்களை வைத்தே சோதிக்கிறேன்.

```js
const pct = 100 * done / total;
const label = Math.floor(pct) + "%";
const met = 100 * done >= 90 * total;
ring.setAttribute("stroke-dasharray", pct + " 100");
```

வளையத்துக்குப் போவது வெட்டப்படாத `pct`, எழுத்துக்குப் போவது வெட்டப்பட்ட எண். இரண்டுக்கும் இடையே ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேறுபாடு இருக்கும். அது எப்போதும் எழுத்தைக் குறைவாகவே காட்டும் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். புகார்கள், தாமதங்கள் போலக் குறைய வேண்டிய ஒன்றை அளக்கும்போது இதே வெட்டு நமக்குச் சாதகமாகிவிடும். அங்கே `Math.ceil` போட்டு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும்.

எண்ணுக்குக் கீழே சற்றுச் சிறிய எழுத்தில் "218 வீடுகளில் 177 · இலக்கு 197" என்று ஒரு வரி, அதற்கும் கீழே எந்த வாரம் என்பது, முந்தைய வாரம் 170 என்பது. பொருளாளர் கேட்ட வித்தியாசத்துக்கு இதுவே விடையானது. ஏழு வீடுகள் கூடின என்று எழுத்தில் சொன்னால் அது ஏழு வீடுகளாகவே நிற்கிறது. கோணத்தில் சொல்லப் போனால் ஒன்று தெரியாமல் போகிறது அல்லது பெரிதாகிறது. வளையத்துக்குத் தெரிவது ஒரு நேரத்து நிலை மட்டும். பன்னிரண்டு வாரப் போக்கு வேண்டும் என்றால் கோட்டு வரைபடம் தனியாகப் போட வேண்டும்.

அசைவூட்டம் ஒன்றும் இடையில் வந்து போனது. பக்கம் திறக்கும்போது வளையம் சுழியத்திலிருந்து ஓடி வந்து நிற்கும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். நான் எடுத்திருந்த வேக வளைவு `cubic-bezier(0.34, 1.56, 0.64, 1)`. முடிவிடத்தைச் சற்றுத் தாண்டிவிட்டுத் துள்ளித் திரும்பும் வகை. தாண்டும் அளவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 81 இல் நிற்க வேண்டிய நீலம் ஒரு கணம் 89 வரை சென்று இலக்குக் கோட்டை நெருங்கிவிட்டுத் திரும்பியது. மின்தூக்கிக்குக் காத்திருப்பவர் எந்தக் கணத்தில் நிமிர்ந்து பார்ப்பார் என்று நமக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை மாறும் எண்ணுக்கு ஓட்டம் எதற்கு என்று அதை முழுவதுமாக எடுத்துவிட்டேன். நீலத்தைச் சுற்றி ஒளிர்வு போடும் நிழல் விளைவும் அதனுடன் போயிற்று. அதுவும் உருண்டை முனையைப் போல ஓரத்தை நீட்டிக் காட்டுகிற வேலைதான்.

அதே பக்கத்தைக் கைபேசியிலும் திறக்கலாம். பார்வைக் குறைபாடுள்ள குடியிருப்பாளர் ஒருவர் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கிறார். மேலே உள்ள `<title>` வரி அவருக்காகத்தான். வளையத்தின் வடிவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறது. படமே வேண்டாம், எச்டிஎம்எல்லில் உள்ளதை வைத்தே செய்யலாம் என்பவர்களுக்கு: `<progress>` என்பது நடந்துகொண்டிருக்கும் ஒரு பணி எவ்வளவு முடிந்தது என்று காட்டுவதற்கானது; இப்படி எல்லை தெரிந்த ஓர் அளவுக்கு உரியது `<meter>`.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. 22 அங்குலப் பழைய திரை சங்க அலுவலகத்தில் கிடந்தது, அதை ஓட்டும் சிறு கணினியும் காவலர் அறையில் இருந்தது. திரைக்கான கேபிளும் சுவர் தாங்கியும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தன. உண்மையில் செலவானது தூய்மைப் பணியாளரின் நேரம். வீட்டு எண்கள் அச்சிட்ட தாளில் தினமும் டிக் போட அவருக்கு அரை மணி நேரம் கூடுதலாகிறது. அதற்குச் சங்கம் மாதந்தோறும் தனியே ஒரு தொகை தருகிறது. அந்தத் தாள் தவறினால் மேலே சொன்ன மில்லிமீட்டர்களால் ஒரு பயனும் இல்லை.

திரை ஓடத் தொடங்கிய பிறகு, ஏ தொகுதிக்கும் பி தொகுதிக்கும் தனித்தனியே காட்ட வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் போட்டுப் பார்த்தேன். வெளிவளையத்தின் ஆரம் 50, உள்வளையத்தின் ஆரம் 34. இரண்டுக்கும் ஒரே சதவீதத்தைக் கொடுத்தாலும் வெளியே இருப்பதன் நீளம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. எந்தத் தொகுதியை வெளியே வைத்தேனோ அதுவே முன்னணியில் இருப்பதாக எல்லோரும் படித்தார்கள். பக்கத்தில் பக்கமாக ஒரே அளவு வளையங்கள் இரண்டு வைத்தபோது அந்தக் குறை நீங்கியது, ஆனால் மூன்று நான்கு சதவீத வேறுபாட்டைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. ஒப்பிடுவதற்கு நேர்ப்பட்டைகளே நல்லவை. மீட்டர்களுக்கு மாற்றாக ஸ்டீபன் ஃபியூ வடிவமைத்த புல்லட் வரைபடமும் அந்த இனம்தான்: ஒரு பட்டை, அதன் குறுக்கே இலக்குக் கோடு. தொகுதிவாரிக் கணக்கை அப்படி இரண்டு பட்டைகளாக, சுழியத்திலிருந்து 100 வரை ஒரே அளவுகோலில், வளையத்துக்குக் கீழே போட்டிருக்கிறேன்.

அடுத்த முறை செய்தால் மாற்றுவது இரண்டு. வளையத்தின் தடிமனை 14 இலிருந்து 10 ஆகக் குறைப்பேன்; தடிமன் கூடும்போது உள்விளிம்பின் நீளத்துக்கும் வெளிவிளிம்பின் நீளத்துக்கும் வேறுபாடு பெருகி, இலக்குக் கோட்டுக்கு அருகே உள்ள இடைவெளியை அளவிடுவது கண்ணுக்குக் கடினமாகிறது. 218 என்ற எண் மாதத்தின் முதல் நாள் மாறும்போது அந்த வாரத்தின் திரையில் "வீடுகள் 218 இலிருந்து 221 ஆயின" என்பது போன்ற ஒரு வரி தானாக வர வேண்டும். புதிதாகக் குடிவந்த மூன்று வீடுகளால் சதவீதம் இறங்கிய வாரத்தில், பழைய வீடுகள் பின்வாங்கிவிட்டன என்று பேச்சு கிளம்பியது. இப்போதைக்கு அந்த வரியைக் கையால் தட்டச்சு செய்து வைக்கிறேன்.